நிறம் ஒரு படத்தில், கூர்மை இன்னொரு படத்தில்: செயற்கைக்கோள் படங்கள் இணையும் விதம்

பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பல, ஒரே இடத்தை ஒரே கடப்பில் இரண்டு விதமாகப் பதிவு செய்கின்றன. ஒன்று நுணுக்கமான கறுப்பு-வெள்ளைப் படம். மற்றொன்று சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனிப் பட்டைகளாக எடுக்கப்படும் வண்ணப் படம். வண்ணப் படத்தில் நிறம் இருக்கும், ஆனால் தெருவும் கட்டடமும் மங்கித் தெரியும். கறுப்பு-வெள்ளைப் படத்தில் விளிம்புகள் துல்லியமாக இருக்கும், ஆனால் மரம் எது, சிவப்பு ஓட்டுக்கூரை எது என்று நிறத்தால் பிரித்தறிய முடியாது. இவ்விரண்டையும் கணக்கிட்டுச் சேர்த்து, நிறமும் கூர்மையும் கொண்ட ஒரே படமாக்கும் முறைக்குப் பான்-ஷார்ப்பனிங் என்று பெயர். கறுப்பு-வெள்ளைப் பட்டையின் பெயரான ‘பான்குரோமாட்டிக்’ என்பதிலிருந்து முதல் பாதி வந்தது. எல்லா நிறங்களையும் சேர்த்துப் பார்ப்பது என்பது அதன் பொருள். துறையில் இருப்பவர்கள் சுருக்கமாகப் ‘பான்’ என்கிறார்கள்.

2013 பிப்ரவரியில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளில் பான் படத்தின் ஒரு பிக்சல் தரையில் 15 மீட்டருக்கு 15 மீட்டர். வண்ணப் பட்டைகளின் பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 1999-இல் ஏவப்பட்ட இக்கோனோஸில் பான் 1 மீட்டர், வண்ணம் 4 மீட்டர். இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1சி 1995 டிசம்பரில் ஏவப்பட்டபோது அதன் பான் படம் 5.8 மீட்டர், வண்ணப் படம் 23.5 மீட்டர். விமானத்திலிருந்து நிலத்தை அளவிடும் பெரிய கேமராக்கள் சிலவும் இப்படித்தான் அமைந்தவை: நுணுக்கத்துக்குச் சில வில்லைகள், நிறத்துக்கு வேறு வில்லைகள்.

ஏன் எல்லாவற்றையும் நுணுக்கமாக எடுப்பதில்லை?

காரணம் வெளிச்சம். கேமராவின் உணரிக்கு வந்து சேரும் ஒளி குறைந்தால் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் கூடும். 15 மீட்டர் பிக்சலின் பரப்பு 30 மீட்டர் பிக்சலின் பரப்பில் நான்கில் ஒரு பங்குதான். எனவே தரையிலிருந்து அதற்கு வரும் ஒளியும் கால்பங்கு. செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருப்பதால், சிறிய பிக்சலைக் கடக்க அதற்கு ஆகும் நேரமும் பாதி.

இந்த இழப்பை ஈடுகட்ட ஒரே எளிய வழி, அதிக அலைநீளங்களை ஒரே நேரத்தில் உள்ளே விடுவது. லேண்ட்சாட் 8-இன் சிவப்புப் பட்டை 636 முதல் 673 நானோமீட்டர் வரை, அதாவது 37 நானோமீட்டர் அகலம் மட்டுமே கொண்டது. அதன் பான் பட்டை 503 முதல் 676 வரை 173 நானோமீட்டர் அகலம். அகலமான வாசல் வழியே அதிக ஒளி வருவதால் பிக்சலைச் சிறிதாக்கினாலும் படம் தெளிவாக இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை நிறம். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக உள்ளே வந்துவிட்ட பிறகு அவற்றைப் பிரிக்க முடியாது.

இரண்டாவது காரணம் தரவின் அளவு. பிக்சலின் பக்கத்தைப் பாதியாக்கினால் பிக்சல்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். எல்லாப் பட்டைகளையும் அப்படி எடுத்தால், தரைநிலையத்துக்கு அனுப்ப வேண்டிய தரவும் நான்கு மடங்காகிவிடும். ஒரு பட்டையை மட்டும் நுணுக்கமாக எடுப்பது இந்தச் சுமையைக் குறைக்கிறது.

இந்த ஏற்பாடு பயன் தருவதற்கு மனிதக் கண்ணின் இயல்பும் துணை நிற்கிறது. வெளிச்சத்தில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைக் கண் கூர்மையாகக் காணும். நிற மாற்றத்தை அவ்வளவு நுணுக்கமாகக் காணாது. விளிம்புகள் கூர்மையாக இருந்து, நிறம் சற்றுக் கசிந்திருந்தாலும் படம் முழுவதும் தெளிவாக இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும்.

ஒரு பிக்சலின் கணக்கு

சென்னை, லேண்ட்சாட் கட்டத்தில் பாதை 142, வரிசை 51 என்ற படத்தில் வருகிறது. சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுதளம் 45 மீட்டர் அகலம் கொண்டது. 30 மீட்டர் வண்ணப் படத்தில் அது ஒன்றரைப் பிக்சல். ஆகவே அதன் ஓரம் பக்கத்துத் தரையோடு கலந்து பட்டையாக மங்கிவிடும். 15 மீட்டர் பான் படத்தில் அதே ஓடுதளம் மூன்று பிக்சல் அகலம் பெற்று, நேரான கோடாகத் தெரியும்.

இப்போது நகரத்தின் ஒரு வண்ணப் பிக்சலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எளிதாக இருக்க, அதன் சிவப்பு 120, பச்சை 100, நீலம் 110 என்று கொள்வோம். அதே இடத்தில் நான்கு பான் பிக்சல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று கட்டட நிழலில் இருப்பதால் 88, இரண்டு 110, வெயில்பட்ட மொட்டைமாடி 132.

முதல் வேலை, வண்ணப் பட்டைகளிலிருந்தே ஒரு போலிப் பான் மதிப்பை உருவாக்குவது. லேண்ட்சாட் 8-இன் பான், பச்சையையும் சிவப்பையும் முழுதாகப் பார்க்கிறது. நீலப் பட்டை 452-இல் தொடங்கி 512-இல் முடிவதால், அதன் ஓரத்தை மட்டுமே பான் தொடுகிறது. எனவே சிவப்புக்கு 0.45, பச்சைக்கு 0.45, நீலத்துக்கு 0.10 எனப் பங்கு கொடுக்கலாம். 120-இல் 0.45 பங்கு 54. 100-இல் 0.45 பங்கு 45. 110-இல் 0.10 பங்கு 11. கூட்டினால் 110.

அடுத்து, ஒவ்வொரு பான் பிக்சலையும் இந்த 110-ஆல் வகுக்க வேண்டும். நிழலுக்கு 0.8, நடுவில் உள்ள இரண்டுக்கும் 1, மொட்டைமாடிக்கு 1.2 கிடைக்கும். இந்த விகிதத்தால் மூன்று நிறங்களையும் பெருக்கினால் வேலை முடிந்தது. நிழல் பிக்சலில் சிவப்பு 96, பச்சை 80, நீலம் 88. மொட்டைமாடியில் சிவப்பு 144, பச்சை 120, நீலம் 132. மற்ற இரண்டிலும் பழைய மதிப்புகளே இருக்கும். ஒரு பெரிய பிக்சல் இருந்த இடத்தில் இப்போது வெளிச்சம் மாறுபடும் நான்கு சிறிய வண்ணப் பிக்சல்கள் இருக்கின்றன. இம்முறைக்கு ப்ரோவி முறை என்று பெயர்.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. நான்கு புதிய சிவப்பு மதிப்புகளின் சராசரி மீண்டும் 120-தான். அதாவது, கூர்மையாக்கியதால் அந்த இடத்தின் மொத்த நிறம் மாறவில்லை. ஆனால் நான்கு பிக்சல்களிலும் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் ஒன்றேதான். அந்த 30 மீட்டர் சதுரத்துக்குள் ஒரு மரமும் ஒரு சிவப்புக் கூரையும் அருகருகே இருந்திருந்தாலும், இரண்டுக்கும் ஒரே கலப்பு நிறம்தான் கிடைத்திருக்கும். பான் படம் வெளிச்சத்தின் விவரத்தைக் கொண்டுவருகிறதே தவிர, புதிய நிறத் தகவல் எதையும் கொண்டுவருவதில்லை.

கணினியில் செய்யும்போது

ஜிடால் என்னும் இலவச மென்பொருள் தொகுப்பில் இதற்கென ஒரு கருவி உண்டு. அது பங்குகளைக் கேட்டுப் பெறும் ப்ரோவி முறையைப் பயன்படுத்துகிறது:

```
gdal_pansharpen.py -w 0.45 -w 0.45 -w 0.10 \
  pan.tif red.tif green.tif blue.tif out.tif
```

பங்குகள், பட்டைகள் கொடுக்கப்படும் அதே வரிசையில் இருக்க வேண்டும். பங்குகளைக் குறிப்பிடாவிட்டால் கருவி எல்லாப் பட்டைகளுக்கும் சமபங்கு கொடுத்துவிடும். அப்போது பான் அதிகம் பார்க்காத நீலத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேரும். கடலும் நீல நிறக் கூரைகளும் உள்ள இடங்களில் வெளிச்சம் பிசகுவது இதனால்தான்.

லேண்ட்சாட் 8 கோப்புகளை இறக்கி அப்படியே இந்தக் கருவிக்குக் கொடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. முதல்நிலைக் கோப்பில் உள்ள எண்ணை 0.00002-ஆல் பெருக்கி 0.1-ஐக் கழித்தால்தான் ஒளி எதிரொளிப்பு விகிதம் கிடைக்கும். அதாவது, கோப்பில் 5000 என்று இருந்தால் உண்மையில் அது பூஜ்யம். போலிப் பான் 10000, உண்மையான பான் 12000 என்றிருந்தால், நேராக வகுக்கும்போது விகிதம் 1.2. இரண்டிலிருந்தும் 5000-ஐக் கழித்த பிறகு வகுத்தால் 1.4. கழிக்க மறந்தவருக்குப் பிழைச் செய்தி எதுவும் வராது. படத்தில் நிறங்களுக்கு இடையிலான விகிதம் மட்டும் பிசகிவிடும். எனவே எல்லாப் பட்டைகளிலிருந்தும் முதலில் 5000-ஐக் கழித்துவிட வேண்டும்.

வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டாம்நிலைக் கோப்புகளில் பான் பட்டை கிடையாது. முதல்நிலைப் பானையும் இரண்டாம்நிலை நிறங்களையும் சேர்த்தால், இரண்டும் வேறு வேறு அளவுகோலில் இருப்பதால் விகிதம் பொருளற்றுப் போகும். பானும் நிறமும் ஒரே நிலைக் கோப்புகளிலிருந்து வர வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், பிக்சல்கள் அமர்ந்திருக்கும் விதம். மேலே சொன்ன கணக்கில் ஒரு வண்ணப் பிக்சலுக்குள் நான்கு பான் பிக்சல்கள் கச்சிதமாக அடங்குவதாகக் கொண்டோம். லேண்ட்சாட் கோப்புகளில் அப்படி இல்லை. முதல் வண்ணப் பிக்சலின் மையமும் முதல் பான் பிக்சலின் மையமும் ஒரே இடத்தில் இருக்கும். வண்ணக் கோப்பின் அகலம் 7711 பிக்சல் என்றால் பான் கோப்பின் அகலம் அதன் இருமடங்காக இல்லாமல் 15421-ஆக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஜிடால் கருவி கோப்பில் எழுதப்பட்டுள்ள புவியிடக் குறிப்பைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் சொந்தமாக நிரல் எழுதி, வண்ணப் படத்தை வெறுமனே இருமடங்காக்கிப் பானின் மேல் வைப்பவரின் படம் 7.5 மீட்டர் விலகி உட்காரும். சாலைகளின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறக்கோடு ஓடினால், இந்த விலகலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காடு வெளுத்துப்போகும் காரணம்

இம்முறையின் அடித்தளம் ஒரே ஒரு நிபந்தனை: வண்ணப் பட்டைகளைக் கூட்டினால் பான் பார்ப்பதும் அதுவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நிபந்தனை உடையும் இடத்தில் நிறமும் உடைகிறது. அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, 1999-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 7.

அதன் பான் பட்டை 520 முதல் 900 நானோமீட்டர் வரை நீள்கிறது. 700-க்கு மேல் உள்ள பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். ஆகவே கண்ணுக்குக் கரும்பச்சையாகத் தெரியும் காடு, லேண்ட்சாட் 7-இன் பான் படத்தில் பளிச்சென்று இருக்கும்.

கிண்டி தேசியப் பூங்கா போன்ற மரங்கள் அடர்ந்த இடத்தில் ஒரு பிக்சலுக்குச் சிவப்பு 40, பச்சை 60, நீலம் 50, அகச்சிவப்பு 200 என்று கொள்வோம். சிவப்பு, பச்சை, அகச்சிவப்பு மூன்றையும் சமமாகப் பார்க்கும் பானின் மதிப்பு 100. ஆனால் கண்ணுக்குத் தெரியும் மூன்று நிறங்களின் சராசரி 50 மட்டுமே. விகிதம் 2 என்று வருவதால் ப்ரோவி முறை மூன்று நிறங்களையும் இருமடங்காக்கி 80, 120, 100 என்று தரும். காடு இரண்டு மடங்கு வெளிச்சமாகிவிடும்.

வேறொரு பழைய முறை, நிறத்தையும் செறிவையும் வெளிச்சத்தையும் பிரித்து, வெளிச்சத்தை மட்டும் எடுத்துவிட்டு அதன் இடத்தில் பானை வைக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளால் ஐ.எச்.எஸ். என்று அழைக்கப்படும் இம்முறை, நடைமுறையில் பானுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லா நிறங்களோடும் கூட்டுவதற்குச் சமம். இங்கே வித்தியாசம் 50. கூட்டினால் சிவப்பு 90, பச்சை 110, நீலம் 100. முன்பு சிவப்பைவிட ஒன்றரை மடங்காக இருந்த பச்சை, இப்போது ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். காடு வெளிச்சமானதோடு சாம்பல் பூத்தும் போய்விடுகிறது. கூர்மையாக்கிய பழைய படங்களில் தாவரங்கள் வெளிறிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இக்கோனோஸின் பானும் அகச்சிவப்பைப் பார்ப்பதால் அங்கும் இதே சிக்கல் எழுந்தது.

தீர்வு கணக்கிலேயே இருக்கிறது. போலிப் பானை உருவாக்கும்போது அகச்சிவப்பையும் சேர்த்துக்கொண்டால் 40, 60, 200 ஆகியவற்றின் சராசரி 100. பானும் 100. விகிதம் 1. நிறம் அப்படியே நிற்கும். லேண்ட்சாட் 8-ஐ வடிவமைத்தபோது பான் பட்டையை 676-ஓடு நிறுத்தி அகச்சிவப்பை விலக்கியதால், கண்ணுக்குத் தெரியும் நிறங்களைக் கூர்மையாக்கும்போது அங்கே இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

ஆனால் அங்கே சிக்கல் வேறு பக்கம் திரும்புகிறது. லேண்ட்சாட் 8-இன் அகச்சிவப்புப் பட்டை 851 முதல் 879 வரை. பான் அதைப் பார்ப்பதே இல்லை. மரங்களுக்கு நடுவே ஓடும் ஒரு சாலை பான் படத்தில் மரங்களைவிட வெளிச்சமாக இருக்கும். அகச்சிவப்பில் மரங்கள்தான் சாலையைவிட வெளிச்சம். பானின் விகிதத்தால் அகச்சிவப்பைப் பெருக்கினால், மங்க வேண்டிய சாலை வெளிச்சமாகவும் ஒளிர வேண்டிய மரம் மங்கலாகவும் மாறும். ஆகவே பான் பார்க்காத பட்டையை அதைக்கொண்டு கூர்மையாக்கக் கூடாது.

வேறு வழிகள்

ப்ரோவி, ஐ.எச்.எஸ். இரண்டும் பான் படத்தின் வெளிச்சத்தை முழுதாக எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் கோடக் நிறுவனப் பொறியாளர்கள் லேபனும் ப்ரோவரும் உருவாக்கி 2000-இல் காப்புரிமை பெற்ற கிராம்-ஷ்மிட் முறை, ஒவ்வொரு பட்டையும் போலிப் பானோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதை முதலில் அளக்கிறது. அந்த அளவுக்கு மட்டுமே விவரத்தைச் சேர்க்கிறது. வணிக மென்பொருள்களில் இது பரவலாக இடம்பெற்றுள்ளது.

இன்னொரு குடும்பம் வேறு பாதையில் செல்கிறது. பான் படத்தை முதலில் வேண்டுமென்றே மங்கலாக்கி வண்ணப் படத்தின் அளவுக்குக் கொண்டுவருகிறது. மூலப் பானிலிருந்து மங்கிய பானைக் கழித்தால் மிஞ்சுவது விளிம்புகளும் நுண்விவரமும் மட்டும். அவற்றை வண்ணப் பட்டைகளில் சேர்க்கிறது. பானின் மொத்த வெளிச்சம் உள்ளே வராததால் காடு வெளுக்காது, நிறம் நன்றாக நிலைக்கும். ஆனால் பானும் வண்ணமும் சற்றே விலகியிருந்தாலும் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். நிறம் முக்கியமா, விளிம்பு முக்கியமா என்பதைப் பொறுத்தே இரண்டு குடும்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஓடும் வண்டியும் மேல்மேகமும்

எந்த முறையாலும் தீர்க்க முடியாத பிழையும் ஒன்று உண்டு. பான் உணரியும் வண்ண உணரிகளும் கேமராவுக்குள் அடுத்தடுத்து இருப்பதால், தரையில் ஒரே இடத்தை ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. இடைவெளி ஒரு நொடியில் சிறு பகுதிதான். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 0.2 நொடியில் 3.3 மீட்டர் நகர்ந்துவிடும். அரை மீட்டர் பிக்சல் கொண்ட படத்தில் அது ஆறு பிக்சலுக்கும் மேல். அதன் கூர்மையான உருவம் ஓரிடத்திலும் நிறம் இன்னோரிடத்திலும் விழும். பறக்கும் விமானங்களும் உயரத்தில் உள்ள மேகங்களும் வண்ணக் கோடுகளாகச் சிதறித் தெரிவதும் இவ்வகையே.

சரிபார்ப்பது எப்படி?

15 மீட்டரில் எடுத்த உண்மையான வண்ணப் படம் கையில் இல்லாதபோது, கூர்மையாக்கிய படம் சரியா என்று எதனோடு ஒப்பிடுவது? இதற்கு வால்ட், ரான்ஷின், மங்கோலினி ஆகிய மூவர் 1997-இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு படி கீழே இறக்குவதே அதன் சாரம். பான் படத்தை 15-இலிருந்து 30 மீட்டருக்கும், வண்ணத்தை 30-இலிருந்து 60 மீட்டருக்கும் மங்கலாக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தால் 30 மீட்டரில் ஒரு வண்ணப் படம் கிடைக்கும். அதே 30 மீட்டரில் செயற்கைக்கோள் எடுத்த உண்மையான வண்ணப் படம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால் முறையின் பிழை எண்ணாகவே தெரிந்துவிடும். ஒரு படி கீழே நன்றாக வேலை செய்யும் முறை மேலேயும் அப்படியே செய்யும் என்பது மட்டும் இதில் உள்ள அனுமானம். கட்டடங்கள் நெருங்கிய நகரங்களில் அது எப்போதும் பொருந்துவதில்லை.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. கூர்மையாக்கிய படத்தை மீண்டும் 30 மீட்டருக்குச் சராசரியாக்கினால் மூல வண்ணப் படம் திரும்பி வர வேண்டும். எங்கே திரும்பி வரவில்லையோ அங்கே பானுக்கும் நிறத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கண்ணால் பார்க்கும்போது காடு, நீர்நிலை, சிவப்புக் கூரை, நிழல் ஆகிய நான்கையும் முதலில் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் அகப்பட்டுவிடும்.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

சாலை வரையவும், கட்டடங்களை எண்ணவும், கரையோரத்தைக் குறிக்கவும், வரைபடத்தின் பின்னணியாக வைக்கவும் பான்-ஷார்ப்பனிங் செய்த படம் ஏற்றது. இவை எல்லாம் மனிதக் கண் வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வேலைகள்.

நிறத்தை அளவாகக் கொண்டு கணக்கிடும் வேலைகளில் அதற்கு இடமில்லை. பயிரின் செழிப்பை அளக்கும் என்.டி.வி.ஐ. என்ற குறியீடு இதைத் தெளிவாகக் காட்டும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பதே அந்தக் குறியீடு. சிவப்பு 40, அகச்சிவப்பு 200 என்றால் 160-ஐ 240-ஆல் வகுக்க 0.67. ப்ரோவி முறையில் இரண்டும் 1.2-ஆல் பெருக்கப்பட்டால் 48, 240. அப்போது 192-ஐ 288-ஆல் வகுக்க வேண்டும். விடை அதே 0.67. பிக்சல் சிறிதாகிவிட்டாலும் குறியீடு பழைய 30 மீட்டர் பிக்சலின் குறியீடாகவே இருக்கிறது. அந்தச் சதுரத்துக்குள் பாதி வயல் வாடியும் பாதி செழித்தும் இருந்தால், கூர்மையாக்கிய படம் அதைக் காட்டாது. வேறு முறைகளில் எண் மாறும், ஆனால் அந்த மாற்றத்தைத் தருவது பயிரின் நிலை இல்லை, கணக்கின் போக்கு. ஆகவே அளவீட்டுக்கு 30 மீட்டர் மூலப் பட்டைகளையும், வயலின் எல்லையை வரைய 15 மீட்டர் கூர்மைப் படத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே சரியான வழக்கம்.